பஹ்மன் கதவைத் தட்டியிருக்கிறான்

ஓசூர் சிப்காட்டில் உள்ள ஒரு வார்ப்படக் கம்பெனியின் முதலுதவி அறையில் ஃபெபா சிஸ்டர் எட்டு வருடமாக வேலை பார்க்கிறாள். அந்த எட்டு வருடத்தில் அவள் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. விரல் நசுங்கி வருகிறவன் வலி தாங்காமல் கெட்ட வார்த்தை பேசினால்கூட, "ஆண்டவரேன்னு சொல்லேம்ப்பா, அதுக்கும் அதே மூச்சுதான் செலவாகும்" என்பாள். அவனும் சிரித்துவிடுவான்.

அப்படிப்பட்டவள் அந்தப் புதன்கிழமை மத்தியானம், சாப்பாட்டு சங்கு ஊதிக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை, "படுபாவிங்களா!" என்று கத்தினாள். நெற்றியில் தையல் பிரிக்க வந்து உட்கார்ந்திருந்த கந்தன் என்கிற ஃபிட்டர் பதறி எழுந்தான்.

"நான் என்ன பண்ணேன் சிஸ்டர்?"

"உன்னை இல்ல. உட்காரு."

அவள் கையில் இருந்தது பிரித்த ஒரு கூரியர் உறை. அதற்குள் அச்சாகி வந்த பதினாறு பக்கம், அச்சகக்காரர்கள் ஃபாரம் என்று சொல்வது. கிருஷ்ணகிரியில் அச்சகமும் சின்னதாய் ஒரு பதிப்பகமும் வைத்திருக்கும் சின்னராஜ், 'சிஸ்டருக்கு, சந்தோஷமாகப் பார்க்கவும்' என்று மேலே எழுதி அனுப்பியிருந்தார். சந்தோஷமாகத்தான் பிரித்தாள். நாலாவது கதையின் மூன்றாம் பக்கத்தில் இப்படி இருந்தது:

'பஹ்மன் விடியற்காலையில் வந்தான். பனியில் நடந்து வந்தான். கதவைத் தட்டினான். யாரும் திறக்கவில்லை.'

ஃபெபா எழுதிக் கொடுத்தது இது அல்ல. அவள் எழுதியது: 'பஹ்மன் விடியற்காலையில் வந்திருக்கிறான். பனியில் நடந்தே வந்திருக்கிறான். கதவைத் தட்டியிருக்கிறான். யாரும் திறக்கவில்லையாம்.'

கந்தனின் தையலை எப்போதும் போல ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள். அது தொழில். அவன் போனதும்தான் நாற்காலியில் உட்கார்ந்து, மேசையை உள்ளங்கையால் ஓங்கி அறைந்தாள்.

இதில் அவ்வளவு கோபப்பட என்ன இருக்கிறது என்று கேட்கலாம். அதற்கு ஃபெபாவின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அவள் அப்பா ஐசக் தெற்கே திசையன்விளைப் பக்கத்திலிருந்து ஓசூருக்குக் கம்பெனி வேலைக்கு வந்தவர். ஃபெபா நர்சிங் படித்தாள். இருபத்தைந்து வயதில் துபாய்க்குப் போனாள். ஈரானியர்கள் நடத்திய ஒரு மருத்துவமனையில் பன்னிரண்டு வருடம். வார்டில் பாதிப் பேர் பாரசீகம் மட்டுமே பேசும் கிழவிகள். முதலில் அவள் கற்றுக்கொண்ட சொல் 'தர்த்', வலி. எங்கே வலி, எப்போது வலி, எவ்வளவு வலி என்று கேட்டுக் கேட்டே மொழி வந்தது.

எழுத்துக் கற்றுக்கொடுத்தவள் மெஹ்ரி. அதே வார்டில் நர்ஸ். ஃபெபாவின் வயதுதான். டீ இடைவேளையில் மருந்து டப்பாக்களின் மேல் இருப்பதை எழுத்துக்கூட்டிப் படிக்க வைப்பாள். மெஹ்ரி கதை எழுதுகிறவள் என்பது ஃபெபாவுக்கு நாலு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. ஒரு நோட்டுப் புத்தகத்தை நீட்டி, "ஃபெபா ஜான், டப்பாவில் படித்தது போதும், இதைப் படி" என்றாள். 'ஜான்' என்றால் பாரசீகத்தில் 'கண்ணே' மாதிரி.

அதில் ஒரு கதை அவள் தம்பி பஹ்மனைப் பற்றியது. கதை என்று பெயர், நடந்தது அப்படியே இருந்தது. அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போனவன் பஹ்மன். இரண்டு வருடம் கழித்து ஒரு குளிர்காலத்தில் மலையூருக்குத் திரும்பி வந்து கதவைத் தட்டியிருக்கிறான். அப்பா திறக்கவில்லை. அம்மா படுக்கையில் நோயாளி. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போயிருக்கிறான். மறுநாள் மலைப்பாதையில், பனிக்கு அடியில் கிடைத்தான். மெஹ்ரி அப்போது ஷீராஸ் நகரத்தில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். எல்லாமே பக்கத்து வீட்டுப் பெண் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும்.

அதனால் மெஹ்ரி அந்தக் கதையை மூன்று விதமாகச் சொல்லியிருந்தாள். தன் கண்ணால் கண்டதை, வந்தேன், பார்த்தேன், அழுதேன் என்று நேராகச் சொன்னாள். தம்பி சின்ன வயதில் வால்நட் தோப்பில் ஓடியதை மட்டும், திடீரென்று, இப்போது நடப்பது மாதிரி சொன்னாள். பஹ்மன் ஓடுகிறான், மரத்தில் ஏறுகிறான், கை நிறையக் காய்த்தோல் கறையோடு இறங்குகிறான். அந்தக் கதவுக் காலையை மட்டும், ஆரம்பம் முதல் கடைசி வரை, தான் பார்க்காததாகவே சொன்னாள். 'ஆமதே, தர் ஸதே.' வந்திருக்கிறான், கதவைத் தட்டியிருக்கிறான். பாரசீகத்தில் அப்படிச் சொன்னால் கேட்கிறவருக்குப் புரியும், இவள் அங்கே இல்லை, யாரோ சொல்லிக் கேட்டது, அல்லது பிற்பாடு பார்த்து ஊகித்தது.

அந்தக் கதையை யாரோ ஒருவர் ஆங்கிலத்தில் பெயர்த்து ஒரு பத்திரிகையில் போட்டார். ஆங்கிலத்தில் அதை அப்படியே எழுதினால் இடறும் என்று, எல்லாவற்றையும் வந்தான், தட்டினான் என்று நடந்து முடிந்ததாகவே போட்டுவிட்டார். 'என்று சொன்னார்கள்' என்று எங்காவது இரண்டு இடத்தில் சேர்த்திருந்தால்கூடப் போதும், சேர்க்கவில்லை. கனடாவில் இருந்த மெஹ்ரியின் பெரியம்மா மகள் அதைப் படித்துவிட்டு ஃபோன் செய்தாள். "நீ வீட்டில்தான் இருந்திருக்கிறாய். உன் காதில் விழுந்திருக்கிறது. இத்தனை வருடம் எங்களிடம் ஷீராஸ், ஷீராஸ் என்று சொன்னாயே." அதோடு பேச்சு நின்றது. ஒருத்தி நம்பியது உறவு முழுக்கப் பரவியது.

ஃபெபா ஊர் திரும்புகிற போது மெஹ்ரி விமான நிலையத்தில் கேட்டது ஒன்றுதான். "உன் மொழியில் அது முடியுமா?"

"முடியும். எங்க மொழியில் அதுக்கென்றே ஒரு வழி இருக்கு. வந்தானாம் என்றால் எங்க ஊர் குழந்தைக்குக்கூடத் தெரியும், சொன்னவள் பார்க்கவில்லை என்று."

"அப்படியானால் நீ செய். நான் படிக்க மாட்டேன். எனக்குத் தமிழ் தெரியாது. நீ சொன்னால் சரி."

அந்த 'நீ சொன்னால் சரி' என்பதுதான் இப்போது ஃபெபாவின் மேசை மேல் கிடந்தது, உடைந்து.

மேலாளரிடம் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். சின்னராஜுக்கு ஃபோன் போட்டாள். எடுக்கவில்லை. கிருஷ்ணகிரி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பையிலிருந்து ஜெபப் புத்தகத்தை எடுத்தாள். இரண்டு வரி போகவில்லை. அடுத்தவன் எழுத்தில் கை வைக்க இவனுகளுக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று மனசு கத்தியது. ஆண்டவரே, எனக்கு நிதானம் கொடும் என்று கேட்டாள். சூளகிரி தாண்டியது. நிதானம் வரவில்லை. ஒன்றரை வருடம் இந்தக் கதைகளைத் தமிழில் பெயர்த்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்கள் அத்தனையும். ஒவ்வொரு வரிக்கும் மெஹ்ரியை ஃபோனில் கூப்பிட்டு, "இந்த 'வருகிறான்' நீ வேணும்னே போட்டதா, இல்லை உங்க மொழியின் பழக்கமா?" என்று கேட்டிருக்கிறாள். 'பார்த்தேன், வந்துகொண்டிருக்கிறான்' என்று பாரசீகக்காரர்கள் சாதாரணமாகவே சொல்வார்கள், அது பழக்கம். அங்கெல்லாம் 'வருவதைப் பார்த்தேன்' என்று தமிழுக்கு ஏற்ப மாற்றினாள். வால்நட் தோப்பு பழக்கம் அல்ல, அது மெஹ்ரியின் ஆசை. அதைத் தொடவில்லை. இப்படிப் பிரித்துப் பிரித்துச் செய்ததை, ஒருத்தன் வந்து ஒரே நாளில்!

குருபரப்பள்ளி வந்தபோது ஜெபப் புத்தகத்தைப் பைக்குள் போட்டுவிட்டாள்.

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் ஒரு சந்துக்குள் இருந்தது அச்சகம். இயந்திரம் ஓடும் சத்தம் தெருமுனையிலேயே கேட்டது. உள்ளே நுழைந்ததும் சின்னராஜ் சிரித்துக்கொண்டே எழுந்தார். அம்பது வயது, வெள்ளைச் சட்டை, காதில் பென்சில்.

"வாங்க சிஸ்டர், வாங்க! நேர்லயே வந்துட்டீங்களா? ஃபாரம் எப்படி, ஜம்முனு வந்திருக்கா?"

"யாருண்ணா என் கதையில கை வச்சது?"

சிரிப்பு பாதியில் நின்றது. "என்னாம்மா?"

"நாலாவது கதை. முப்பத்தெட்டு வரி. எண்ணிக்கிட்டுதான் வந்தேன். முப்பத்தெட்டையும் மாத்தியிருக்காங்க. யாரு?"

"அட, ப்ரூஃப் பார்த்தது நம்ம மாதவன் சார்தான். கொஞ்சம் நடை சீராக்கியிருப்பாரு. நல்லாத்தானே இருக்கு? வந்தான், தட்டினான், படபடன்னு போவுது."

"போவுது. எங்க போவுது தெரியுமா? ஒரு பொம்பளை மானத்துக்கு மேல ஏறிப் போவுது."

சின்னராஜுக்கு ஒன்றும் புரியவில்லை. உள் அறையிலிருந்து மாதவன் வெளியே வந்தார். போச்சம்பள்ளியில் ஒரு பெரிய கம்பெனியில் முப்பது வருடம் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். நிறைய படித்தவர், பிழை பார்ப்பதில் கறார். ஒரு ஒற்றெழுத்து விட்டுப்போனால்கூட அவருக்குச் சோறு இறங்காது என்று சின்னராஜ் பெருமையாகச் சொல்வார்.

"நான்தாம்மா பார்த்தேன். என்ன குறை?"

"குறையா? சார், நீங்க யாரைக் கேட்டு மாத்துனீங்க?"

"கேட்கறதுக்கு என்ன இருக்கு? நீங்களே மார்க் பண்ணி அனுப்புனீங்க."

"நானா!"

மாதவன் உள்ளே போய் அவள் கைப்பிரதியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஃபெபாவின் கையெழுத்து. வரிகளுக்குக் கீழே கோடுகள். நேராகச் சொன்னதற்கு நீலம். இப்போது நடப்பது போலச் சொன்னதற்குப் பச்சை. கேட்டுச் சொன்னதற்குச் சிவப்பு.

"பாருங்க. பச்சை போட்டதெல்லாம் அப்படியே பாஸ் பண்ணிட்டேன். ஓடுகிறான், ஏறுகிறான் எல்லாம் இருக்கா? ஒரு எழுத்துத் தொடல. சிவப்பு போட்டது முப்பத்தெட்டு. ரிஜெக்ட். ஒவ்வொன்னா எடுத்து சரிபண்ணேன். ரெண்டு நாள் உட்கார்ந்தேம்மா."

ஃபெபா அந்தச் சிவப்புக் கோடுகளையே பார்த்தாள். தினமும் அவள் கடந்து போகிற பட்டறைத் தளத்தில் சிவப்புப் பெட்டிகள் வரிசையாக நிற்கும். ஓட்டை விழுந்த வார்ப்புகள், அளவு தப்பிய வளையங்கள், சிவப்புச் சீட்டு கட்டி அதற்குள் கிடக்கும். பச்சைச் சீட்டு கட்டியது லாரி ஏறும். முப்பது வருடம் அதையே பார்த்த கண்ணுக்குச் சிவப்பு என்றால் வேறு என்ன?

ஆனால் அவளுக்கு அது அப்படி இல்லை. அவளுக்கு வார்டு. நோயாளிக்கு ஒரு மருந்து ஒத்துக்கொள்ளாது என்றால் அதைக் கேஸ் ஷீட்டின் தலையில் சிவப்பு மையில்தான் எழுதுவார்கள். ஜாக்கிரதை, கை வைத்தால் உயிருக்கு ஆபத்து. இருபத்தைந்து வருடமாக அவள் கை பழகிய சிவப்பு அது.

"சார், சிவப்புன்னா எங்களுக்குத் தொடாதேன்னு அர்த்தம். ஆஸ்பத்திரியில."

"ஃபேக்டரியில தூக்கிப் போடுன்னு அர்த்தம்" என்றார் மாதவன். அவர் குரலிலும் சூடு. "ஒரு துண்டுச் சீட்டுல எழுதி வச்சிருந்தா நான் ஏன் தொடப் போறேன்?"

"ஃபோன்ல சொன்னேனே! இவர்கிட்ட சொன்னேன். சிவப்பு போட்டதை யாரும் தொடக்கூடாதுண்ணான்னு, ரெண்டு தரம் சொன்னேன்." ஃபெபா சின்னராஜ் பக்கம் திரும்பினாள். "சொன்னேனா இல்லையா?"

சின்னராஜ் காதிலிருந்த பென்சிலை எடுத்துப் பார்த்தார், அதில் பதில் இருக்கிற மாதிரி.

"அன்னிக்கு நான் குந்தாரப்பள்ளி சந்தையில இருந்தேம்மா. மச்சானுக்கு மாடு பார்த்துக்கிட்டு. ஒரே சத்தம். ஏதோ சிவப்புன்னீங்க... அட்டைக் கலர் சொல்றீங்கன்னு நினைச்சிட்டேன்."

மேசை மேல் கிடந்த அட்டை மாதிரியைப் பார்த்தாள். நல்ல செக்கச்சிவப்பு.

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள்.

"சரி விடும்மா" என்றார் சின்னராஜ். "ஆய்த்து பிடம்மா, ஆனது ஆச்சு. ஞாயித்துக்கிழமை சபை மண்டபத்துல வெளியீடு. போதகர்கிட்ட சொல்லியாச்சு. இந்த ஃபாரம் முந்நூறும் ஓடி முடிஞ்சிடுச்சு. நாளைக்குத் தையல். இங்க எவனுக்கும்மா பாரசீகம் தெரியும்? அந்தம்மாவுக்குத் தமிழ் தெரியாது. யார் கண்டுபிடிக்கப் போறாங்க?"

அதுவரை இருந்தது கோபம் என்றால், இப்போது வந்ததற்கு வேறு பெயர் வேண்டும். காதுமடல் இரண்டும் சுட்டன.

"அண்ணா. அவளுக்குத் தெரியாதுங்கறதாலதான் என்கிட்ட கொடுத்தா. தெரிஞ்சவளை ஏமாத்துனா அவ சண்டைக்கு வருவா. தெரியாதவளை ஏமாத்துனா யாரு வருவா? எனக்கு மேல ஒருத்தர் இருக்காரு, அவர் வருவாரு. நான் அவர் முன்னால நிக்கணும். நீங்க வந்து நிப்பீங்களா, சந்தையில சத்தமா இருந்துச்சு சாமின்னு?"

சின்னராஜ் பென்சிலை மறுபடி காதில் செருகினார்.

மாதவன் மட்டும் கைப்பிரதியை மறுபடியும் எடுத்துப் படித்துக்கொண்டிருந்தார். முகத்தில் பிடிவாதம் இன்னும் இருந்தது.

"எனக்கு ஒன்னு கேக்கணும். கேக்கலாமா?"

"கேளுங்க."

"நீங்க வந்திருக்கிறான், தட்டியிருக்கிறான்னு எழுதுனதும், நான் வந்தான், தட்டினான்னு எழுதுனதும் ஒரே சேதிதானே? அவன் வந்தது உண்மை. தட்டுனது உண்மை. பின்ன என்ன மாறிப்போச்சு?"

ஃபெபா பல்லைக் கடித்தாள். அப்புறம் ஒன்று தோன்றியது.

"உங்க கம்பெனியில ஒரு விபத்து நடக்குது. நீங்க அன்னிக்கு லீவு. அடுத்த நாள் வந்து ரிப்போர்ட் எழுதுறீங்க. மெஷின்ல கை மாட்டினான், கத்தினான், யாரும் சுவிட்சை அணைக்கலன்னு எழுதிக் கையெழுத்துப் போடுவீங்களா?"

"எப்படிப் போடுவேன்? நான் அங்க இல்லையே. மாட்டிக்கிட்டானாம், அணைக்கலையாம்னு விசாரிச்சதாத்தான் எழுதுவேன். இல்லேன்னா என்னையில்ல கேப்பாங்க, நீ பக்கத்துல நின்னு என்ன..."

மாதவன் நிறுத்திவிட்டார். கைப்பிரதியைப் பார்த்தார். அச்சான தாளைப் பார்த்தார். உதட்டை அசைத்து மெதுவாகப் படித்தார். கதவைத் தட்டினான். யாரும் திறக்கவில்லை.

"இந்தக் கதையைச் சொல்ற பொண்ணு..."

"அக்கா. அவனோட அக்கா."

"அவ அப்ப வூட்ல இல்லையா?"

"ஷீராஸ்ல இருந்தா. ஹாஸ்டல்ல. ஒரு ராத்திரி முழுக்க பஸ்ல போற தூரம்."

"நான் அவளை வூட்டுக்குள்ள கொண்டாந்து வச்சிட்டேன்" என்றார் மாதவன். "கதவுக்கு உள்பக்கமா."

 

மாதவன் எழுந்தார். மேசை இழுப்பறையில் எதையோ தேடினார். ஒரு தடித்த சிவப்புப் பேனா. மூலையில் கட்டுக்கட்டாக அடுக்கியிருந்த அச்சுத் தாள்களிடம் போனார். மேல் தாளில் குறுக்காக ஒரு கோடு. அடுத்த கட்டு. இன்னொரு கோடு.

"யோவ் சார், என்ன பண்றீங்க!" சின்னராஜ் பாய்ந்தார்.

"லாட் நிறுத்தியாச்சு" என்றார் மாதவன், திரும்பிப் பார்க்காமல். "முப்பது வருசம் இதைத்தான் செஞ்சேன். மேனேஜர் வந்து கத்துவான், வண்டி நிக்குதுன்னு. நிக்கட்டும்னு சொல்லுவேன். பரிசோதகன் நிறுத்தினா நிறுத்தினதுதான். இந்த ஃபாரம் போகாது."

"ஞாயித்துக்கிழமை, சார்! ஞாயித்துக்கிழமை!"

"இன்னிக்கு புதன்தானே? தம் கட்டு."

சின்னராஜ் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். யாருக்கோ ஃபோன் போட்டுக் காகிதம் இருக்கிறதா என்று கேட்டார். அப்புறம் டீ வரவழைத்தார். ஃபெபா தொடவில்லை. அது அப்படியே ஏடு கட்டிக்கொண்டிருந்தது.

கணினி முன் மாதவன் உட்கார, ஃபெபா பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரியாகச் சொன்னாள். அவர் அடித்தார். முதல் பத்து வரிவரை அவள் குரலில் கடுகடுப்பு போகவில்லை. 'திறக்கவில்லை' என்று அவர் விட்டுவிட்டால் "யாம்! யாம் எங்க?" என்று அதட்டினாள். அவரும் பள்ளிக்கூடப் பையன் மாதிரி "போட்டுட்டேன், போட்டுட்டேன்" என்றார்.

இருபத்து மூன்றாவது வரியில் மாதவன் நின்றார். படுக்கையில் கிடக்கும் அம்மா, தட்டும் சத்தம் கேட்டு உள்ளிருந்து சொன்னதாகப் பக்கத்து வீட்டுக்காரி சொன்ன இடம். அதில் மட்டும், அம்மாவின் பேச்சு, 'வந்துட்டேன்பா, வந்துட்டேன்' என்று இருந்தது.

"இதைச் சிவப்புல போடலையே நீங்க. ஆனா அம்மா வரலையே? எழுந்திரிக்கவே முடியலன்னு மேல இருக்கு. வந்துட்டேன்னா தப்பில்லையா?"

"மூலத்துலயும் அப்படித்தான் சார். உமதம், உமதம்னு சொல்றா. வந்துட்டேன்னு. அவங்களும் நம்ம மாதிரியேதான், கிளம்புறதுக்கு முன்னாடியே வந்துட்டேன்னு சொல்லுவாங்க. உங்க வீட்டுக் காலிங் பெல் அடிச்சா உள்ளேருந்து என்ன சொல்வாங்க?"

மாதவன் யோசித்தார். "வந்துட்டேன்னுதான். அடுப்பை அணைச்சு, கையைத் துடைச்சு, அஞ்சு நிமிஷம் கழிச்சு வருவா."

"இவ வரவே இல்ல. அவ்வளவுதான் வித்தியாசம்."

மாதவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு அந்த வரியைத் தொடாமல் கீழே போனார்.

மாலை ஆறு மணிக்குப் புது அச்சுத் தகடு ஏறி இயந்திரம் ஓடத் தொடங்கியது. முதல் தாளைச் சின்னராஜே எடுத்துவந்து ஃபெபாவிடம் நீட்டினார். மை இன்னும் ஈரம். அவள் நின்றுகொண்டே முப்பத்தெட்டு வரியையும் விரல் வைத்துப் படித்தாள். வால்நட் தோப்பில் பஹ்மன் ஓடிக்கொண்டுதான் இருந்தான்.

"இப்ப சரியாம்மா?" என்றார் சின்னராஜ்.

"சரி."

"என் மேல கோவம் போச்சா?"

"போகலண்ணா. ஜெபம் பண்றேன், போகும். இன்னிக்குப் போகாது." கைப்பையைத் தோளில் மாட்டினாள். மாதவனிடம் மட்டும், "என் மேலயும் தப்பு இருக்கு சார். கோடு போட்டவ பக்கத்துல நாலு எழுத்து எழுதியிருக்கணும்" என்றாள்.

"அடுத்த புத்தகத்துக்கு மஞ்சள் போடுங்க" என்றார் மாதவன்.

"உங்க ஊர்ல மஞ்சள்னா என்ன?"

"திருப்பிச் செய்."

"அப்ப வேண்டாம்."

பஸ் நிலையத்தில் ஓசூர் பஸ்ஸுக்காக நிற்கும்போது மெஹ்ரியைக் கூப்பிட்டாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். மறைத்திருந்தால் யாருக்கும் தெரியாது, ஆனால் சொன்னாள்.  பிறகு மெஹ்ரி கேட்டாள், நோயாளியைப் பற்றி அடுத்த ஷிஃப்டு நர்ஸிடம் விசாரிக்கிற மாதிரி, சாதாரணக் குரலில்.

"இப்போது பஹ்மன் எங்கே நிற்கிறான், ஃபெபா ஜான்?"

"கதவுக்கு வெளியே."

"நான்?"

"நீ ஷீராஸில் இருக்கிறாய்" என்றாள் ஃபெபா. "உனக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை."